ஒரு வயலை மேலிருந்து படிப்பது எப்படி: இரண்டு பட்டைகளும் ஒரு வகுத்தலும்

பயிரின் நலத்தைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து கணிக்கும் வழிகளில் மிகப் பழகியது என்டிவிஐ என்ற தாவரக் குறியீடு. அதன் சூத்திரம் ஒரு வரிதான். புதிதாக வருபவர்கள் அந்த ஒரு வரியைப் போட்டுவிட்டு, பச்சையும் சிவப்புமாக ஒரு படம் கிடைத்தவுடன் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் தவறுகள் சூத்திரத்தில் நேர்வதில்லை. அதற்கு முன்னால் எண்களை எடுக்கும் இடத்திலும், அதற்குப் பின்னால் படத்தைப் படிக்கும் இடத்திலும்தான் நேர்கின்றன. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு மக்காச்சோள வயலை எடுத்துக்கொண்டு, படத்தை இறக்குவதிலிருந்து வயலுக்குள் எங்கே நடந்து பார்ப்பது என்று முடிவு செய்வது வரை போகப்போகிறோம்.

வயல் செவ்வகமானது என்று வைத்துக்கொள்வோம். நீளம் 240 மீட்டர், அகலம் 200 மீட்டர், பரப்பு 4.8 ஹெக்டேர். விதைத்து 50 நாட்கள் ஆகின்றன. வெளிப்புறத்திலிருந்து பார்த்தால் பயிர் நன்றாகவே தெரிகிறது.

எதை அளக்கிறோம்

இலையில் உள்ள பச்சையம் சிவப்பு ஒளியைத் தனக்கு உணவு தயாரிக்க உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே நலமான இலையிலிருந்து திரும்பி வரும் சிவப்பு ஒளி மிகக் குறைவு. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியின் கதை வேறு. பச்சையம் அதைத் தொடுவதில்லை. இலையின் உட்புறத்தில் உயிரணுக்களுக்கு இடையே காற்று நிறைந்த இடைவெளிகள் இருக்கின்றன. ஒளி அந்த இடைவெளிகளில் பட்டுச் சிதறி, பெரும்பகுதி மேலே திரும்பிவிடுகிறது. இலைகள் அடுக்கடுக்காக இருந்தால் திரும்பும் அளவு இன்னும் கூடும்.

வெறும் மண் இப்படி நடந்துகொள்வதில்லை. அது சிவப்பை ஓரளவு திருப்பும், அகச்சிவப்பை அதைவிடச் சற்றே கூடுதலாகத் திருப்பும். இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்காது. அந்த இடைவெளியின் அளவைத்தான் என்டிவிஐ ஓர் எண்ணாக்குகிறது: அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். வெறும் மண்ணுக்கு ஏறக்குறைய 0.1 முதல் 0.2 வரை வரும். நிலத்தை முழுதாக மூடிய பயிருக்கு 0.7-க்கு மேல் வரும். நீர்ப்பரப்புக்குப் பெரும்பாலும் எதிர்மறை எண்.

கூட்டுத்தொகையால் வகுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. சூரியன் சாய்ந்திருந்தாலும் சரிவான நிலமாக இருந்தாலும் சிவப்பு, அகச்சிவப்பு என்ற இரண்டு ஒளிப் பட்டைகளிலும் ஒளி ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கூடும் அல்லது குறையும். வகுக்கும்போது அந்தப் பொது விகிதம் பெருமளவு அடிபட்டுப்போகிறது. இதை நினைவில் வையுங்கள். சற்றுப் பின்னால் வரும் பெரிய சிக்கலுக்கு இதுவே விளக்கம்.

படத்தைத் தேர்ந்தெடுத்தல்

நமக்குச் சென்டினல்-2 படங்கள் போதும். ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் திட்டத்தைச் சேர்ந்த இந்தச் செயற்கைக்கோள்களில் முதலாவது 2015-இல் ஏவப்பட்டது, இரண்டாவது 2017-இல். 2024-இல் மூன்றாவதும் போனது. ஒரே நேரத்தில் இயங்கும் இரண்டு சேர்ந்து நிலநடுக்கோட்டில் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படம் பிடிக்கின்றன. படங்களுக்குக் கட்டணம் இல்லை. மொத்தம் 13 பட்டைகள் இருந்தாலும் நமக்கு வேண்டியவை இரண்டு: சிவப்புக்கு B04, அண்மை அகச்சிவப்புக்கு B08. இரண்டிலும் ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் பரப்பைக் குறிக்கிறது. ஆகவே நம் வயல் 24-க்கு 20, அதாவது 480 பிக்சல்கள்.

browser.dataspace.copernicus.eu தளத்தில் இலவசக் கணக்கு ஒன்றைத் தொடங்கிக்கொள்ளுங்கள். தேடும்போது Sentinel-2-இல் L2A என்ற வகையைக் குறியுங்கள். L1C என்ற வகையும் இருக்கும், அதை எடுக்க வேண்டாம். அதில் வளிமண்டலத்தின் மூட்டம் நீக்கப்பட்டிருக்காது. காற்றில் உள்ள துகள்கள் சிவப்பு ஒளியைக் கூட்டிக்காட்டுவதால் ஒரே பயிர் ஒரு நாள் நன்றாகவும் மறுமுறை மோசமாகவும் தெரியும்.

மேகத்தைப் பொறுத்தவரை, ஒரே ஒரு பண்ணையைப் பார்ப்பவருக்கு நான் சொல்லும் வழி கண்டிப்பானது. படத்தின் மேக விழுக்காட்டை நம்ப வேண்டாம். அது 110 கிலோமீட்டர் சதுரத்துக்கான எண். பத்து விழுக்காடு மேகம் என்றால் அந்தப் பத்தும் உங்கள் வயலின் மேலேயே நிற்கலாம். எண்பது விழுக்காடு என்று போட்டிருந்தாலும் உங்கள் வயல் தெளிவாக இருக்கலாம். இயல்பான நிறப் படத்தைப் பெரிதாக்கி, வயலையும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டரையும் கண்ணால் பாருங்கள். மேகமோ, மேகத்தின் நிழலோ, பாலாடை போன்ற மெல்லிய மூட்டமோ வயலைத் தொட்டால் அந்த நாளை விட்டுவிடுங்கள். நிழலைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். மேகம் ஓரிடத்தில் இருக்கும், அதன் நிழல் சில நூறு மீட்டர் தள்ளி விழுந்திருக்கும், அங்கே பயிர் நோயுற்றது போன்ற திட்டு தெரியும்.

இறக்கிய பொதியைப் பிரித்தால் GRANULE கோப்புறைக்குள் IMG_DATA, அதற்குள் R10m இருக்கும். அதில் `_B04_10m.jp2`, `_B08_10m.jp2` என்று முடியும் இரண்டு கோப்புகளையும், இயல்பான நிறத்துக்கு `_TCI_10m.jp2` என்ற கோப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லை வரைதல்

QGIS என்ற வரைபட மென்பொருளில் மூன்று கோப்புகளையும் திறவுங்கள். `Raster > Extraction > Clip Raster by Extent` என்ற கருவியால் வயலைச் சுற்றி ஐந்நூறு மீட்டர் தாராளமாக விட்டு ஒரு பெட்டியை வரைந்து, B04, B08 இரண்டையும் அதே பெட்டியால் வெட்டுங்கள். `b04.tif`, `b08.tif` என்று பெயரிட்டுச் சேமியுங்கள். QGIS பட்டியலில் அடுக்குகளின் பெயர் வேறாக இருந்தால் அவற்றையும் b04, b08 என்று மாற்றிவிடுங்கள். வயலின் எல்லையை ஒட்டியே வெட்ட வேண்டாம். பக்கத்து வயல்களும் படத்தில் இருப்பது பின்னால் உதவும்.

அடுத்து வயலின் எல்லையை ஒரு பலகோணமாக வரைய வேண்டும். இங்கே இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். முதலாவது, இணையத்தில் பின்னணியாக வரும் கூர்மையான வான்படத்தின் மேல் எல்லையை வரைந்தால் அது சென்டினல் படத்தோடு சில மீட்டர் விலகியிருக்க வாய்ப்புண்டு. ஆகவே வரைந்த கோட்டை B08 படத்தின் மேல் வைத்துச் சரிபாருங்கள். அகச்சிவப்பில் சாலையும் வரப்பும் பயிரிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரியும். இரண்டாவது, புதிய அடுக்கை உருவாக்கும்போது, இடத்தை எண்களால் குறிக்கும் அதன் ஆய முறை சென்டினல் படத்தின் ஆய முறையாகவே இருக்க வேண்டும். அது மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறை. EPSG:4326 என்பது பாகையில் அளப்பது, அதைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த படி கெட்டுவிடும்.

அடுத்த படி இதுதான்: எல்லையை உள்நோக்கி 10 மீட்டர் சுருக்க வேண்டும். `Vector > Geoprocessing Tools > Buffer` கருவியில் தொலைவாக -10 என்று கொடுங்கள். வயலின் ஓரத்தில் விழும் பிக்சலில் பாதி பயிரும் பாதி சாலையும் இருக்கும். அதன் எண் பயிரையும் சொல்லாது, சாலையையும் சொல்லாது. சுருக்காமல் கணக்கிட்டால் ஒவ்வொரு வயலும் ஓரம் முழுக்க நோய் கண்டது போலத் தெரியும். நம் வயல் சுருங்கிய பின் 220-க்கு 180 மீட்டர், அதாவது 396 பிக்சல்கள். ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை இழக்கிறோம், ஆனால் மிச்சம் இருப்பதை நம்பலாம். நாற்பது மீட்டர் அகலமே உள்ள துண்டு நிலம் என்றால் உள்ளே இரண்டு வரிசை பிக்சல்கள்தான் தேறும். அத்தகைய நிலத்துக்கு இந்தப் படங்கள் ஏற்றவை அல்ல.

சுருக்கிய பிறகு பலகோணமே மறைந்துபோனால் அஞ்ச வேண்டாம். ஆய முறை பாகையில் இருக்கிறது என்று பொருள். 10 மீட்டருக்குப் பதிலாக 10 பாகை சுருங்கியிருக்கிறது.

ஆயிரம் என்ற எண்

இனிச் சூத்திரத்தைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். இங்கேதான் நிற்க வேண்டும்.

கோப்பில் உள்ளது, விழுந்த ஒளியில் எவ்வளவு பங்கு திரும்பியது என்ற எதிரொளிப்பு அளவு அல்ல, அதைக் குறிக்கும் ஒரு முழு எண். எதிரொளிப்பு 0.36 என்றால் பழைய கோப்புகளில் 3600 என்று இருக்கும், 10000-ஆல் வகுத்தால் சரி. ஆனால் 2022 ஜனவரி 25 முதல் வெளியான படங்களில் ஒவ்வோர் எண்ணுடனும் 1000 கூட்டித் தருகிறார்கள். மிக இருண்ட இடங்களில் வளிமண்டல மூட்டத்தை நீக்கிய பிறகு எதிரொளிப்பு சுழியத்துக்குக் கீழே போவதுண்டு. அந்த எதிர்மறை மதிப்புகள் வெட்டுப்பட்டுப் போகாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. ஆகவே இப்போது 0.36 என்பது 4600 என்று எழுதப்பட்டிருக்கும்.

நம் வயலின் நலமான பகுதியில் ஒரு பிக்சலைச் சொடுக்குகிறோம். B04-இல் 1420, B08-இல் 4600 என்று இருக்கிறது. முறையாகச் செய்தால் முதலில் இரண்டிலும் 1000-ஐக் கழிக்க வேண்டும்:

```
B04: (1420 - 1000) / 10000 = 0.042
B08: (4600 - 1000) / 10000 = 0.360
NDVI = (0.360 - 0.042) / (0.360 + 0.042) = 0.79
```

கழிக்காமல் போட்டால் என்ன ஆகும்?

```
NDVI = (4600 - 1420) / (4600 + 1420) = 0.53
```

அதே பயிர், அதே நாள். ஒரு கணக்கில் அடர்ந்து செழித்த பயிர், இன்னொன்றில் பாதி வளர்ந்த பயிர். 10000-ஆல் வகுக்க மறந்தால் ஒன்றும் கெடாது, ஏனென்றால் பெருக்கிய எண் மேலும் கீழும் அடிபட்டுவிடும் என்று முன்பே பார்த்தோம். கூட்டிய எண் அப்படி அடிபடாது. மேலே கழிக்கும்போது மறைந்துவிடும், கீழே கூட்டும்போது 2000 ஆக நின்றுவிடும். வகு எண் வீங்க, விடை சுருங்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், தவறான படமும் பார்க்க அழகாகவே இருக்கும். நல்ல இடம் பச்சையாகவும் கெட்ட இடம் மஞ்சளாகவும்தான் தெரியும். நானும் ஒருமுறை முன்பே இறக்கி வைத்திருந்த 2021-ஆம் ஆண்டுப் படத்தையும் அதற்கு அடுத்த ஆண்டுப் படத்தையும் அருகருகே வைத்து, பயிர் ஓராண்டில் இவ்வளவு விழுந்துவிட்டதா என்று பதறியிருக்கிறேன். விழுந்தது பயிர் அல்ல, கழிக்காமல் விட்ட ஆயிரம்.

உங்கள் கோப்பில் ஆயிரம் சேர்ந்திருக்கிறதா என்று அறிய, பொதியின் நீண்ட பெயரில் N என்று தொடங்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். N0400 அல்லது அதற்கு மேல் என்றால் சேர்ந்திருக்கிறது. பழைய ஆண்டுப் படங்களையும் புதிய முறையில் மறுபடி செயலாக்கி வெளியிட்டிருப்பதால் படம் பிடித்த தேதியை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். பொதிக்குள் இருக்கும் `MTD_MSIL2A.xml` கோப்பில் `BOA_ADD_OFFSET` என்று தேடினாலும் -1000 என்று காட்டும்.

சில இணையச் சேவைகள் இந்த ஆயிரத்தைத் தாங்களே கழித்துவிட்டுத் தருகின்றன. அங்கிருந்து எடுத்ததில் நாம் மறுபடி கழித்தால் எதிர்த்திசையில் பிழை வரும், என்டிவிஐ ஒன்றைக்கூடத் தாண்டும். எந்த வழியாக வந்த கோப்பானாலும் ஒரு சோதனை உண்டு. படத்தில் ஆழமான, தெளிந்த நீர்ப்பரப்பு ஒன்றைத் தேடி B08-இல் அதன் எண்ணைப் பாருங்கள். ஆழ்ந்த நீர் அகச்சிவப்பை ஏறக்குறைய முழுதாக விழுங்கிவிடும். அங்கே எண் ஆயிரத்தை ஒட்டி இருந்தால் கழிக்க வேண்டும். சுழியத்தை ஒட்டி ஓரிரு நூறுக்குள் இருந்தால் யாரோ முன்பே கழித்துவிட்டார்கள். நான் இந்தச் சோதனையை ஒவ்வொரு புதிய மூலத்துக்கும் செய்கிறேன்.

இப்போது `Raster > Raster Calculator`-ஐத் திறந்து இதை எழுதுங்கள்:

```
("b08@1" - "b04@1") / ("b08@1" + "b04@1" - 2000)
```

மேலே ஆயிரமும் ஆயிரமும் தாமாகவே மறைவதால் கீழே மட்டும் 2000 கழித்தால் போதும். விடையை `ndvi.tif` என்று சேமியுங்கள். முன்பு சொடுக்கிய அதே பிக்சலை மறுபடி சொடுக்கி, கையால் போட்ட 0.79 வருகிறதா என்று ஒப்பிடுங்கள். ஒரே ஒரு பிக்சலைக் கையால் கணக்கிட்டுப் பார்ப்பது மற்ற எல்லாப் பிழைகளையும் பிடிக்கும் வலை.

நிறம் சொல்வதை அப்படியே கேட்காதீர்கள்

QGIS ஒரு படத்துக்குச் சிவப்பு முதல் பச்சை வரை நிறம் தரும்போது அதில் உள்ள சிறிய எண்ணையும் பெரிய எண்ணையும் பார்த்து, இடைப்பட்டதற்குத் தானாகவே நிறத்தைப் பங்கிட்டுவிடும். வயல் முழுக்க 0.76-க்கும் 0.80-க்கும் இடையே ஒரே சீராக இருந்தாலும் 0.76 கடும் சிவப்பாகவும் 0.80 கடும் பச்சையாகவும் தெரியும். அந்தச் சிவப்பைப் பார்த்து உரம் இடக் கிளம்பியவர்கள் உண்டு.

`Layer Properties > Symbology` பகுதியில் `Singleband pseudocolor` தேர்ந்தெடுத்து, Min 0.2, Max 0.9 என்று கையால் எழுதுங்கள். எல்லாத் தேதிகளுக்கும் இதையே வையுங்கள். அப்போதுதான் ஒரு தேதியின் பச்சையும் இன்னொரு தேதியின் பச்சையும் ஒரே பொருளைச் சொல்லும். வயலுக்குள் உள்ள நுண்ணிய வேறுபாட்டைப் பார்க்க எல்லையை இறுக்குவது தவறில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பிறரிடம் காட்டும்போது எல்லை எண்களையும் சேர்த்துக் காட்டுங்கள்.

சராசரி மறைப்பது

`Zonal statistics` கருவியில் சுருக்கிய பலகோணத்தையும் `ndvi.tif` கோப்பையும் கொடுத்தால் வயலுக்கான எண்கள் கிடைக்கும். முதலில் count பாருங்கள். 396-க்கு அருகில் இருக்க வேண்டும். முப்பதோ நாற்பதாயிரமோ வந்தால் எல்லையோ ஆய முறையோ பிசகியிருக்கிறது.

நம் வயலின் சராசரி 0.76 என்று வருகிறது. ஐம்பது நாள் மக்காச்சோளத்துக்கு இது நல்ல எண். இதோடு நிறுத்தியிருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. படத்தைப் பார்த்தால் தென்கிழக்கு மூலையில் 34 பிக்சல்கள், அதாவது 0.34 ஹெக்டேர், 0.47-இல் நிற்கின்றன. மற்ற 362 பிக்சல்கள் 0.79. இவ்வளவு பெரிய பள்ளம் வயலின் சராசரியை 0.03 மட்டுமே இறக்கியிருக்கிறது. ஆகவே வயல்களைச் சராசரியால் தரவரிசைப்படுத்தும் அட்டவணைகள் எனக்குப் பிடிப்பதில்லை. இழப்பு எப்போதும் ஏதோ ஒரு மூலையில்தான் தொடங்குகிறது.

பலவீனமான இடங்களைப் பிரித்தெடுக்க நான் பயன்படுத்துவது எளிய அளவுகோல். வயலின் இடைநிலை மதிப்பை எடுத்து, அதைவிட 0.10 குறைந்தவற்றைக் குறிக்கிறேன். இங்கே இடைநிலை மதிப்பு 0.79, ஆகவே:

```
"ndvi@1" < 0.69
```

இதன் விடையில் 1 என்று வரும் இடங்கள் கவனிக்க வேண்டியவை. ஆனால் தனித்து நிற்கும் ஒரு பிக்சலையோ இரண்டையோ பொருட்படுத்த வேண்டாம். ஏழெட்டுப் பிக்சல்கள் ஒட்டி நின்றால்தான் அதற்காக நடக்கிறேன். எங்கிருந்தோ எடுத்த பொது அட்டவணையில் 0.6-க்குக் கீழ் நலமற்றது என்று போட்டிருப்பதை அப்படியே பயன்படுத்தாதீர்கள். விதைத்த இருபதாம் நாளில் உலகின் மிகச் சிறந்த வயலும் 0.6-ஐத் தொடாது. முற்றிய பயிர் தன்னியல்பாகவே இறங்கும். ஒரே வயல், ஒரே பயிர், ஒரே நாள் என்ற வட்டத்துக்குள் ஒப்பிடும்போதுதான் இந்த எண் நேர்மையாகப் பேசுகிறது.

வடிவமும் வரலாறும்

0.47 என்ற எண் அங்கே பச்சை இலை குறைவு என்று மட்டும் சொல்கிறது. காரணத்தைச் சொல்லாது. பூச்சியா, நீரா, தழைச்சத்தா, முளைக்காத விதையா என்பதை அந்த எண்ணிலிருந்து பிரிக்க முடியாது. ஆனால் இரண்டு துணைச் சான்றுகள் உண்டு.

ஒன்று, திட்டின் வடிவம். நேர்கோடாகவும் வயலின் வரிசைக்கு இணையாகவும் இருந்தால் மனிதர் செய்தது: விதைக்கும் கருவியில் ஒரு குழாய் அடைத்தது, உரம் ஒரு பட்டையில் விடுபட்டது, பாசனக் குழாயின் கடைசியில் அழுத்தம் குறைந்தது. ஒழுங்கற்ற ஓரத்தோடு நிலத்தின் சரிவைப் பின்பற்றினால் மண்ணையும் நீரையும் நினைக்க வேண்டும். வட்டமாகத் தொடங்கிப் படத்துக்குப் படம் விரிந்தால் நோயையோ பூச்சியையோ ஐயுறலாம். இவை உறுதியான விதிகள் அல்ல, எங்கே என்ன தேட வேண்டும் என்ற முதல் ஊகம். நம் திட்டு ஒழுங்கற்றது, வயலின் தாழ்ந்த மூலையில் இருக்கிறது.

மற்றொன்று, வரலாறு. அதே கணக்கை முந்தைய தேதிகளுக்கும் போட்டுப் பாருங்கள். 30-ஆம் நாள் மற்ற இடம் 0.45, திட்டு 0.43. வேறுபாடே இல்லை என்று சொல்லலாம். 40-ஆம் நாள் மற்ற இடம் 0.66, திட்டு 0.50. 50-ஆம் நாள் மற்ற இடம் 0.79, திட்டு 0.47. விதை முளைத்ததில் குறையில்லை என்று முதல் வரியே சொல்லிவிடுகிறது. 30-க்கும் 40-க்கும் இடையே ஏதோ நேர்ந்து வளர்ச்சி தளர்ந்திருக்கிறது. அதற்கடுத்த பத்து நாட்களில் சுற்றிலும் பயிர் ஏற, இங்கே இறங்கவே செய்திருக்கிறது. அந்த நாட்களின் மழைக் குறிப்பைப் பார்த்தால் 33, 34-ஆம் நாட்களில் கனமழை. பக்கத்து வயலின் தாழ்ந்த பகுதியிலும் அதே காலத்தில் அதே சரிவு தெரிகிறது. பெட்டியைத் தாராளமாக வெட்டியது இதற்காகத்தான்.

இனி நடந்துதான் பார்க்க வேண்டும். திட்டின் நடுவில் ஒரு பிக்சலின் ஆயங்களைக் கைப்பேசியில் ஏற்றி அங்கே போங்கள். நலமான பகுதியிலும் ஓரிடத்தைக் கட்டாயம் பாருங்கள், ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் எல்லாமே இயல்பாகத் தோன்றும். திட்டில் செடிகளின் கீழ் இலைகள் நுனியிலிருந்து நடுநரம்பின் வழியே V வடிவில் மஞ்சளாகியிருந்தால் அது மக்காச்சோளத்தில் தழைச்சத்துக் குறைவின் அடையாளம். ஒரு சாண் தோண்டினால் மண் சாம்பல் பூத்து ஈரமாக, வேர்கள் மேலாகவே பரவியிருக்கின்றன. படம் முழுமையாகிறது: மழை நீர் தாழ்ந்த மூலையில் தேங்கியது, வேருக்குக் காற்று கிடைக்கவில்லை, மண்ணில் இருந்த தழைச்சத்தும் போய்விட்டது. வயல் முழுக்க உரம் இட வேண்டியதில்லை. முதலில் வடிகால், அதன் பின் அந்த 0.34 ஹெக்டேருக்கு மட்டும் மேலுரம்.

நடக்கும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். குறியீட்டுக்குப் பயிருக்கும் களைக்கும் வேறுபாடு தெரியாது. செடிகள் செத்த இடத்தைக் களை மூடிவிட்டால் எண் தேறிவிடும். சிவப்பாகத் தெரியும் இடங்களை மட்டும் பார்த்துத் திரும்புபவர் இதைக் காணவே மாட்டார்.

பயிர் அடர்ந்த பிறகு

இந்தக் குறியீட்டுக்கு மேலே ஒரு கூரை இருக்கிறது. இலைகள் நிலத்தை முழுதாக மூடிய பிறகு சிவப்பு ஒளி மேலும் குறைய இடமில்லை. சிவப்பு 0.030, அகச்சிவப்பு 0.40 உள்ள பயிருக்கு என்டிவிஐ 0.86. சிவப்பு 0.025, அகச்சிவப்பு 0.50 உள்ள பயிருக்கு 0.90. இரண்டாவதில் அகச்சிவப்பு கால் பங்கு கூடியிருக்கிறது, குறியீடு 0.04-தான் ஏறியிருக்கிறது. 0.85-க்கு மேல் போன வயலில் எல்லாம் பச்சையாகத் தெரிவதால் எல்லாம் சமமாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது.

அப்போது சிவப்புக்குப் பதிலாக, சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் நடுவே உள்ள சிவப்பு ஓரப் பட்டையான B05-ஐயும், B08-க்குப் பதிலாக B8A-ஐயும் எடுத்து அதே சூத்திரத்தைப் போடலாம். இதை என்டிஆர்இ என்பார்கள். சிவப்பு ஓரத்தில் பச்சையம் அவ்வளவு வலுவாக உறிஞ்சாததால் அடர்ந்த பயிரிலும் வேறுபாடு தெரியும். இரண்டும் R20m கோப்புறையில் இருக்கும், பிக்சல் 20 மீட்டர். ஆகவே உள்நோக்கிச் சுருக்குவதும் 20 மீட்டர் ஆக வேண்டும். ஆயிரத்தைக் கழிப்பது இங்கும் உண்டு.

நம் வயலில் வடிகால் வெட்டி மேலுரம் இட்ட பிறகு எடுத்த படங்களில் 65-ஆம் நாள் திட்டு 0.58, 75-ஆம் நாள் 0.63. மற்ற இடம் அதே நாட்களில் 0.84, 0.85. திட்டு ஏறுகிறது, ஆனால் எட்டிப்பிடிக்கவில்லை. மற்ற இடம் கூரையைத் தொட்டு நிற்பதால் இடைவெளி சுருங்குவது போலத் தெரிவதில் ஒரு பகுதி கண்மயக்கு. அறுவடையில் அந்த மூலையின் மகசூலைத் தனியாக எடை போட்டு, ஐந்து தேதிகளின் எண்களுக்கு அருகில் எழுதி வையுங்கள். அடுத்த பருவத்தில் அதே மூலை 0.47-க்கு இறங்கினால் எத்தனை கிலோ போகிறது என்பது அப்போது உங்கள் கையில் இருக்கும்.